மொட்டை மாடியில் அளவெடுக்க வருபவர்

கூரையில் சோலார் வைப்பது என்று முடிவாகிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் அடுத்த கேள்வி விலையைப் பற்றியது. ‘மூன்று கிலோவாட்டுக்கு எவ்வளவு?’ என்று நான்கு கம்பெனிகளுக்குப் போன் போடுகிறார்கள். நான்கு தொகைகள் வாட்ஸாப்பில் வந்து விழுகின்றன. அவற்றில் குறைந்ததைச் சொன்னவரை வரச் சொல்கிறார்கள். அவர் ஒரு டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார், நீளம் அகலம் பார்க்கிறார், நான்கு படம் எடுக்கிறார், ‘தாராளமா வைக்கலாம் சார்’ என்று சொல்லிவிட்டு முன்பணம் கேட்கிறார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது கள ஆய்வு அல்ல. 25 ஆண்டுகள் வெயிலிலும் காற்றிலும் நிற்கப்போகிற ஒரு பொருளை எங்கே, எவ்வளவு உயரத்தில், எதைப் பிடித்து நிறுத்துவது என்பது முடிவாகிற நாள்தான் ஆய்வு நாள். பேனலும் இன்வெர்ட்டரும் கடைச்சரக்கு. எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு மாறுவது மாடிதான். ஆகவே அளவெடுக்க வருபவர் என்னென்ன பார்க்க வேண்டும், அவர் வருவதற்குள் வீட்டுக்காரர் எதையெல்லாம் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதை ஒரு வீட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

பேச்சுக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மதுரையில் 600 சதுர அடி மாடி. கிழக்கு மேற்காக 20 அடி, தெற்கு வடக்காக 30 அடி. தென்மேற்கு மூலையில், அதாவது வாஸ்து பார்த்துக் கட்டிய எல்லா வீட்டிலும் போலக் கன்னி மூலையில், மாடிப்படி அறை. அதன் தலையில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அறை 8 அடி உயரம், தொட்டியும் அதன் மேடையும் சேர்ந்து நாலரை அடி. ஆக மாடித் தரையிலிருந்து பன்னிரண்டரை அடி. கீழே ஒரு குடும்பம், ஒரு ஏ.சி., ஒரு போர்வெல் மோட்டார். இந்தப் பன்னிரண்டரை அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

நல்ல ஆய்வாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் மாடிக்கு ஓட மாட்டார். ‘அம்மா, கரண்ட் பில் எல்லாம் இருக்கா?’ என்று கேட்டுத் திண்ணையில் உட்காருவார். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு என்பதால் ஓர் ஆண்டுக்கு ஆறு பில். ஒரே ஒரு பில்லைக் காட்டினால் போதாது. சித்திரை வைகாசியில் எடுத்த பில்லை மட்டும் பார்த்தால் பெரிய சோலார் வேண்டும் என்று தோன்றும். மார்கழி பில்லை மட்டும் பார்த்தால் சோலாரே வேண்டாம் என்று தோன்றும். நம் மதுரை வீட்டின் ஆறு பில்களில் 460, 610, 840, 720, 560, 450 யூனிட் என்று இருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் ஆண்டுக்கு 3,640. நாளுக்குச் சராசரி 10 யூனிட்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பலர் அதைத் தவற விடுகிறார்கள். ஒவ்வொரு பில்லிலும் முதல் 100 யூனிட் வீட்டு இணைப்புக்கு இலவசம். இலவசமாக வருவதை ஈடுகட்டக் காசு கொடுத்துப் பேனல் வாங்குவானேன்? ஆறு பில்லுக்கு 600 யூனிட்டைக் கழித்தால் மீதி 3,040; நாளுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. அப்படியானால் இந்த வீட்டுக்கு இன்றைய தேவை 2 கிலோவாட்டை ஒட்டித்தான். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, 500 யூனிட்டைத் தாண்டினால் விகித அட்டவணையே மாறிவிடுவது. அதனால் சோலார் கொடுக்கும் முதல் யூனிட்கள் மிக விலை கூடிய படிகளை வெட்டுகின்றன. கடைசி யூனிட்கள் மலிவான படியைத்தான் வெட்டுகின்றன. ‘பெரிசா வைங்க சார்’ என்று சொல்பவர் இந்தக் கடைசி யூனிட்டுகளைப் பற்றிப் பேச மாட்டார்.

ஆனால் பில் நேற்றைய கதையை மட்டும் சொல்லும். நாளைய கதையை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். மகனுக்குக் கல்யாணம், மாடி அறைக்கு இன்னொரு ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கும் எண்ணம் என்று இருந்தால் 2 போதாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 என்று நின்றுவிடுகிறது. இதையும் சேர்த்துப் பார்த்து நம் வீட்டுக்காரர்கள் 3 கிலோவாட் என்று முடிவு செய்கிறார்கள். இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனலில் ஆறு. ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை.

இனி மாடி ஏறலாம்.

மாடியில் ஆய்வாளர் தேடுவது வெயிலை அல்ல, நிழலை. ஒரு பேனலில் சின்ன நிழல் விழுந்தால் அந்தச் சின்ன இடத்து மின்சாரம் மட்டும்தான் போகும் என்று நினைக்கத் தோன்றும். பேனல்கள் வரிசையாக ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் தடை வந்தால் வரிசை முழுவதிலும் ஓட்டம் பாதிக்கப்படும். நிழல்பட்ட பகுதியைத் தாண்டிச் செல்ல ஒவ்வொரு பேனலிலும் பைபாஸ் டயோடுகள் இருக்கின்றன என்றாலும், அப்போதும் உள்ளங்கை அகல நிழலுக்குப் பேனலின் மூன்றில் ஒரு பகுதி போய்விடலாம். தினமும் மாலை அப்படி நடந்தால் ஆண்டுக் கணக்கில் அது கணிசம்.

இந்த நிழலை அளவெடுக்க வந்த நாளின் வெயிலை வைத்து அளக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். சித்திரையில் வருபவர் மாடியைப் பார்த்தால் உச்சி வெயிலில் நிழலே இருக்காது. மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. மார்கழியில் அதே சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. டிசம்பர் 21 அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில் மதுரையில் சூரியன் தென்மேற்கில் ஏறத்தாழ 35 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்த நேரத்தில் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். கன்னி மூலையில் நிற்கும் நம் பன்னிரண்டரை அடி வில்லன் 18 அடி நீளத்துக்கு வடகிழக்கே கையை நீட்டுவான். அதை வடக்கும் கிழக்குமாகப் பிரித்தால் வடக்கே 11 அடி, கிழக்கே 14 அடி.

மாடிப்படி அறை தெற்குச் சுவரிலிருந்து 10 அடி வரை இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு வடக்கே மிச்சம் 20 அடி. அதில் 11 அடியை நிழல் தின்றுவிட்டால் எஞ்சுவது 9 அடி அகலப் பட்டை. அந்தப் பட்டையில் பேனலை ஒரே வரிசையாகத்தான் அடுக்க முடியும். 20 அடி அகலத்தில் ஐந்துதான் பிடிக்கும். ஆறாவதுக்கு இடமில்லை. டேப்பை மட்டும் நம்பிய ஆய்வாளர் இந்த இடத்தில் ‘தாராளமா வைக்கலாம்’ என்று சொல்லி, தொட்டிக்குப் பக்கத்திலேயே மூன்று பேனலை வைத்துவிட்டுப் போயிருப்பார். வைத்த முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாக ஓடும். ஐப்பசி கார்த்திகையில் யூனிட் குறைந்தால் ‘மழை சார்’ என்று பதில் வரும். மழை இல்லாத தை மாதத்திலும் பிற்பகலில் மட்டும் உற்பத்தி சட்டென்று சரிந்தால் அது மழையின் வேலை அல்ல, தொட்டியின் வேலை என்று இன்வெர்ட்டரின் நாள்வரைபடமே காட்டிவிடும். காலைப் பாதி மேடாகவும் மாலைப் பாதி வெட்டுப்பட்டதாகவும் இருக்கும்.

நல்ல ஆய்வாளர் இங்கே உயரத்தைக் கூட்டிப் பார்ப்பார். பேனலின் தாழ்ந்த விளிம்பை மாடித் தரையிலிருந்து 7 அடி உயர்த்திவிட்டால், தொட்டி அதைவிட உயர்ந்து நிற்பது ஐந்தரை அடி மட்டும்தான். நிழலின் நீளம் 18 அடியிலிருந்து 8 அடியாகக் குறையும். வடக்கே 5 அடி, கிழக்கே 6 அடி. இப்போது வடக்கே 15 அடி இடம் கிடைக்கிறது. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று என ஆறு பேனலும் அதில் ஒட்டி உட்கார்ந்துவிடும். மாடியும் வீணாகாது, அடியில் துணி காயும், வற்றல் காயாது என்றாலும் பிள்ளைகள் விளையாடும். நம் ஊரில் பேனலைத் தூக்கி வைக்கிற வழக்கம் இடத்தை மிச்சம் பிடிக்க வந்ததென்றாலும், நிழலைத் தாண்டுவதற்கும் அது உதவுகிறது.

இன்னொன்று, வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்து வந்தவர்கள் சறுக்குகிற இடம். வடக்குப் பக்கம் உயரமாக எது இருந்தாலும் கவலையில்லை என்று அவற்றில் எழுதியிருக்கும். ஐரோப்பாவில் சரி. தமிழ்நாட்டில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் மாதக் காலை ஒன்பது மணிக்கு மதுரையில் அது கிழக்குக்கு வடக்கே சாய்ந்து, 45 டிகிரி உயரத்தில் இருக்கும். நிழல் பொருளின் உயரத்தளவு நீண்டு தென்மேற்கே விழும். வடகிழக்கில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் மாடி எழுப்பியிருந்தால் அது கோடைக் காலை மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஆய்வாளர் நான்கு திசையையும் படம் எடுத்தாரா என்று வீட்டுக்காரர் கவனிக்க வேண்டும். பக்கத்துக் காலி மனை யாருடையது, கட்டப் போகிறார்களா, அந்தத் தென்னங்கன்றுக்கு வயது என்ன என்பதெல்லாம் தெருவாசிக்குத்தான் தெரியும். இன்றைக்குத் தோளுயரம் இருக்கும் கன்று பேனலின் ஆயுள் முடிவதற்குள் மாடியைத் தாண்டிவிடும்.

திசை பற்றி அவ்வளவு பதற வேண்டியதில்லை. நம் அட்சரேகையில் 10 டிகிரிச் சரிவில் தெற்கு பார்த்து வைப்பது நல்லது. சற்றே கிழக்கோ மேற்கோ திரும்பினால் இழப்பு சில சதவீதம்தான். நிழலோடு ஒப்பிட்டால் திசை சின்ன விஷயம். ஒரு எச்சரிக்கை மட்டும்: போனில் உள்ள திசைகாட்டியைக் காங்கிரீட் தரையில் வைத்துப் பார்ப்பவரை நம்ப வேண்டாம். தளத்துக்குள் இருக்கும் கம்பி அதைக் குழப்பும். நெஞ்சுயரத்தில் பிடித்து, இரண்டு மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

நிழலுக்காகத் தூக்கினோம். தூக்கியதற்கு விலை காற்று கேட்கும். ஆய்வில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், தவறினால் மிக அதிகமாகச் சேதம் செய்வதும் இந்தப் பகுதிதான்.

‘எங்க தளம் இந்த வெயிட்டைத் தாங்குமா தம்பி?’ என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் ஆறு பேனலும் இரும்புச் சட்டமும் சேர்ந்து 370 கிலோவைச் சுற்றித்தான் வரும். அது ஆறு கால்களில் பிரிந்து இறங்குகிறது. நல்ல நிலையில் உள்ள காங்கிரீட் தளத்துக்கு அது பெரிய பாரமில்லை. மேலே நிரம்பி நிற்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றே 1000 கிலோ. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது மேலே பறக்காமல் எது பிடித்துக்கொள்ளும்?

காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம், மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர், மணிக்கு 180. வேகம் கூடக்கூட அழுத்தம் அதன் வர்க்கமாக ஏறும். 39 மீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். 50 மீட்டரில் 153. ஒரு பேனலின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். மதுரையில் ஒரு பேனலுக்கு 240 கிலோ, ஆறுக்கு 1,440. சென்னையில் ஆறுக்கு 2,300 கிலோவுக்கு மேல். சட்டத்தின் உயரம், சரிவு, மாடியின் ஓரத்திலிருந்து தூரம் ஆகியவற்றைப் பொறுத்து உண்மைச் சுமை இதற்குக் கூடவோ குறையவோ செய்யும். ஆனால் அளவு இந்த ரகம். அடியில் காற்றைப் பிடித்த குடை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது மழைக்காலத்தில் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது மாடிகளில் காணும் காட்சிக்கு வருவோம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கன அடிக் காங்கிரீட் கட்டை, தட்டோட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு கன அடிக் காங்கிரீட் 68 கிலோ. ஆறு கட்டைக்கு 408. சட்டமும் பேனலும் 370. கூட்டினால் 780 கிலோவுக்குள். எதிரே மதுரைக் கணக்கே 1,440. இந்தக் கழித்தலைச் செய்ய என்ஜினீயர் வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் வர்தா சென்னையையும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவையும் கடந்தபோது பார்த்தவர்கள் இதை வெறும் புத்தகக் கணக்கென்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் போல்ட் அடித்துத் தளத்தோடு பிணைக்கலாமே? பிணைக்கலாம், ஆனால் எதில் பிணைக்கிறோம் என்பது தெரிய வேண்டும். நம் மாடிகளில் கண்ணுக்குத் தெரிவது தளம் அல்ல. மேலே தட்டோடு, அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கி, மூன்று நான்கு அங்குலம். அதற்கும் கீழேதான் காங்கிரீட். நான்கு அங்குல போல்ட் அடித்தால் அது முழுக்கச் சுருக்கியிலேயே நின்றுவிடும். கையால் இழுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். காற்று இழுத்தால் பல் விழுவதுபோல வந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, வருவதற்கு முன்பே அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, சுருக்கிக்குள் பரவி, துளை போட்ட இடத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஓர் அறையின் கூரையில் ஒழுகும்.

ஆகவே ஆய்வாளர் மாடியில் கம்பியோ சுத்தியலோ வைத்துத் தட்டிக் கேட்பார். வெற்றொலி வந்தால் தட்டோடு பெயர்ந்திருக்கிறது. மழைநீர்க் குழாய் இறங்கும் துளையில் எட்டிப் பார்த்தால் அடுக்குகளின் கனம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழ் அறைகளுக்கு வந்து கூரையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வு பாதி ஆய்வு. எங்கே உத்திரம் ஓடுகிறது, எங்கே சுவர், எங்கே காரை பெயர்ந்து துருக் கம்பி தெரிகிறது, எங்கே ஈரக்கறை என்பதெல்லாம் கீழிருந்துதான் தெரியும். கால்கள் உத்திரத்துக்கோ சுவருக்கோ மேலே வர வேண்டும். அந்த இடத்தில் சுருக்கியை வெட்டி எடுத்து, காங்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் பதித்து, அதன்மேல் பீடம் வார்த்து, சுற்றி நீர்க்காப்புப் பூச வேண்டும். மேல்மாடி எழுப்பலாம் என்று தூணிலிருந்து கம்பி விட்டு வைத்திருக்கிற வீடானால் அந்தத் தூண் தலைகளே முதல்தரமான பிடி. ஆனால் மேல்மாடி என்றைக்கு எழும்பும் என்பதை அப்போதே பேசிவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் சட்டத்தைக் கட்டுவது பேச்சுக்கே இடமில்லை. நாலரை அங்குலச் செங்கல் சுவர் அது. சாய்ந்து நின்று பேசத்தான் கட்டியது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இது எதுவும் பொருந்தாது. தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய அந்தக் கூரையில் பிணைக்கக் காங்கிரீட்டே கிடையாது. அங்கே சட்டத்தைச் சுவர்களின் மேல் இரும்பு உத்திரம் போட்டு ஏற்ற வேண்டும். முதலில் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். ‘பரவாயில்லைங்க, நாங்க பாத்துக்கறோம்’ என்று ஆய்வாளர் சொன்னால் அவரை அன்போடு வழியனுப்பிவிடலாம்.

வீட்டுக்காரர் இந்தப் பகுதிக்காக என்ன தயார் செய்ய வேண்டும்? கட்டடத்தின் வரைபடம் இருந்தால் பரணிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். கட்டிய ஆண்டு, கட்டிய மேஸ்திரியின் போன் எண், எந்த மழையில் எங்கே ஒழுகியது என்ற நினைவு, இவை வரைபடத்துக்கு அடுத்த ஆதாரங்கள். ஒழுகலை மறைக்கக் கூடாது. நீர்க்காப்பு செய்ய வேண்டியிருந்தால் சோலாருக்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு பேனலைக் கழற்றிச் செய்வது இரட்டைச் செலவு. மாடியில் கிடக்கும் பழைய கட்டில், பூந்தொட்டி, கொடிக்கயிறு எல்லாவற்றையும் முந்தைய நாளே ஒதுக்கி, தொட்டி மேடைக்கு ஏற ஏணி ஒன்றையும் தயாராக வைத்தால் ஆய்வாளருக்குச் சாக்கு இருக்காது.

மாடியிலிருந்து கீழே வயர் இறங்கும் வழி அடுத்தது. பேனலிலிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து மீட்டர் பெட்டி. இன்வெர்ட்டர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரில் இருக்க வேண்டும்; மேற்குச் சுவரில் வெயிலில் தொங்கவிட்டால் சூடாகித் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் வீட்டு வைஃபை எட்டுகிறதா என்றும் போனை நீட்டிப் பார்த்துவிடலாம். எர்த் குழி மூன்று வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, மின்வாரிய இணைப்புப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியே ஒன்று. 600 சதுர அடி மனையில் சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டு மண்ணே தெரியாமல் வைத்திருக்கிறோம். எந்த இடத்தை உடைப்பது என்று ஆய்வு நாளிலேயே பேசிவிட வேண்டும். வேலையாட்கள் வந்த நாளில் வாசல் டைல்ஸ் உடைவதைப் பார்த்து மனம் உடையக் கூடாது.

மீட்டர் பெட்டியைத் திறந்து, இணைப்பு ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா, அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு, இருவழி மீட்டர் உட்கார இடம் உண்டா என்று பார்ப்பார்கள். பெட்டிச் சாவி எங்கே என்று அன்றைக்குத் தேடும் வீடுகள் அதிகம். பலர் செய்யாத ஒரு சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும்: நண்பகலில் மின்னழுத்தம் எவ்வளவு என்று மீட்டரால் அளப்பது. சோலார் மின்சாரம் வெளியே போக வேண்டுமானால் இன்வெர்ட்டர் தெருவின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாகத் தள்ள வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு அருகில் உள்ள வீட்டில் பகலில் ஏற்கெனவே 250 வோல்ட் ஓடுகிறது என்றால், மெல்லிய நீண்ட வயரும் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயிலில் இன்வெர்ட்டர் ‘அழுத்தம் அதிகம்’ என்று சொல்லித் தன்னை நிறுத்திக்கொள்ளும். வயரைத் தடியாக்கியோ இன்வெர்ட்டரை மீட்டருக்கு அருகில் கொண்டுவந்தோ ஓரளவு சரி செய்யலாம். மீதியை மின்வாரியத்திடம்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கரண்ட் போனால் சோலார் ஓடுமா? சாதாரண இணைப்புச் சோலார் ஓடாது. தெருவில் மின்சாரம் நின்றதும் அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. மின்தடையிலும் மின்விசிறி சுழல வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று ஆய்வு நாளிலேயே சொல்ல வேண்டும். வீட்டில் ஏற்கெனவே யு.பி.எஸ். இருந்தால் அதன் வயரிங் எந்த அறைக்கெல்லாம் போகிறது என்று காட்டவும் வேண்டும், சோலாரை யு.பி.எஸ். பக்கத்து லைனில் கோத்துவிட்டால் இரண்டும் கெடும்.

காகிதத்தில் சிக்குகிறவர்கள் கூரையில் சிக்குகிறவர்களைவிட அதிகம். மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரில் இருக்கும். வீட்டுவரி அப்பா பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கும் ஆதாரும் மகன் பெயரில். மானியத்துக்கு விண்ணப்பிப்பவரும் மின் இணைப்புக்கு உரியவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதால், ஆய்வாளரை அழைப்பதற்கு முன்பே பெயர் மாற்றத்துக்கு மனுப் போட்டுவிடுவது நல்லது. இணைப்பு எண், கடைசி ஆறு பில், சொத்துவரி ரசீது, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என ஒரு கோப்பு போதும். 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்குச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று 2024இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்திவிட்டார்கள். ஆகவே ‘ஆபீசில் ஆள் வந்து பார்க்கணும், அதுக்குத் தனியா ஆகும்’ என்று யாராவது சொன்னால் எந்த விதிப்படி என்று கேட்கலாம். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆய்வு முடிந்து இரண்டு மூன்று நாளில் வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டியது விலைப்பட்டியல் மட்டும் அல்ல. மாடியின் வரைபடத்தில் ஒவ்வொரு பேனலும் எங்கே, ஒவ்வொரு காலும் எங்கே, கால் எந்த உத்திரத்தின் மேல் என்று குறித்த ஒரு தாள். டிசம்பர், ஜூன் மாதங்களின் காலை, மாலை நிழல் எங்கே விழும் என்ற குறிப்பு. எந்தக் காற்று வேகத்துக்குச் சட்டத்தைக் கணக்கிட்டார்கள் என்ற ஒரு வரி. மாதவாரி எதிர்பார்க்கும் யூனிட். நம் மதுரை வீட்டுக்கு ஆண்டுக்கு 4,300, 4,400 யூனிட் வரை எதிர்பார்க்கலாம் என்று எழுதினால் நியாயமான கணக்கு. 6,000 என்று எழுதியிருந்தால் அது நிழலும் தூசும் சூடும் இல்லாத ஏதோ ஒரு மாடிக்கான கணக்கு. தூசு என்றதும் இன்னொன்று: பேனலைக் கழுவ மாடியில் குழாய் உண்டா, அதில் வருவது போர்வெல் உப்புத் தண்ணீரா என்பதையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லலாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும், சுரண்டினால் கீறும். மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ குடிநீர்க் குழாயோ மாடி வரை எட்டினால் நல்லது.

சில ஆய்வுகள் ‘இங்கே வேண்டாம்’ என்றும் முடியலாம். நம் மதுரை வீட்டிலேயே வடகிழக்கு மனைக்காரர் இரண்டு மாடி கட்ட வானம் தோண்டியிருந்தால் ஆறு பேனல் என்ற பேச்சை நான்காகக் குறைப்பதே உத்தமம். தொட்டியை வேறு மூலைக்கு மாற்ற முடியுமா என்றும் யோசிக்கலாம். கன்னி மூலைத் தொட்டியை அசைக்க வீட்டுப் பெரியவர் சம்மதிப்பாரா என்பதை ஆய்வாளரால் அளந்து சொல்ல முடியாது. அதை மட்டும் அவர் வருவதற்கு முந்தைய இரவே வீட்டுக்குள் பேசித் தீர்த்து வைத்திருக்க வேண்டும்.